பகிராத லாபம் 92 லட்சம், வங்கியில் 3 லட்சம்: மீதி எங்கே போச்சு?

கேள்வி: ஆடிட்டர் சாருக்கு வணக்கம். பெங்களூரு பீன்யாவில் சி.என்.சி. உதிரிபாகம் செய்யும் எல்.எல்.பி. ஒன்றில், போன வருஷம் ஏப்ரலில் 15 லட்சம் போட்டு 25 சதவீதப் பங்குதாரராகச் சேர்ந்தேன். பெரிய பங்குதாரர் என் மனைவியின் தாய்மாமா. முதல் வருஷக் கணக்கு இப்போது கைக்கு வந்திருக்கிறது. பேலன்ஸ் ஷீட்டில் ‘ரிசர்வ்ஸ் அண்ட் சர்ப்ளஸ்’ 92 லட்சம் என்று இருக்கிறது. அதில் கால் பங்கு 23 லட்சம் வருகிறதே, ஃப்ளாட் முன்பணத்துக்கு 20 லட்சம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். “பேங்கில் 3 லட்சம்தான் இருக்கு மாப்ளே” என்கிறார் மாமா. 92 லட்சம் லாபம் வைத்திருக்கும் நிறுவனத்தில் பணம் எப்படி இல்லாமல் போகும்? கணக்கின் பிரதி இணைத்திருக்கிறேன். எதையாவது மறைக்கிறார்களா?

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய கணக்கை இரண்டு முறை பார்த்தேன். மறைத்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் நீங்கள் கேட்க வேண்டிய வேறு இரண்டு கேள்விகள் அதில் இருக்கின்றன. அதற்குப் போகும் முன் ஒன்று செய்யுங்கள். அந்த 92 லட்சம் தாளில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள்.

பங்குதாரர்களின் மூலதனம், வங்கிக் கடன், சரக்கு கொடுத்தவர்களுக்குத் தர வேண்டிய பாக்கி இவற்றோடு ஒரே வரிசையில் நிற்கிறது. அதாவது நிறுவனம் யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதும் பக்கத்தில். பணம், மிஷின், சரக்கு எல்லாம் எதிர்ப்பக்கம். ‘ரிசர்வ்’ என்ற சொல்தான் ஆளை ஏமாற்றுகிறது. எங்கோ ஒரு பெட்டியில் எடுத்து வைத்த பணம் என்று காதில் விழுகிறது. எனக்கு இந்தச் சொல்லின் மேல் முப்பது வருஷக் கோபம் உண்டு. ஆரம்பித்த நாளிலிருந்து சம்பாதித்ததில் பங்குதாரர்கள் வெளியே எடுக்காமல் விட்டது இவ்வளவு என்பதைத் தாண்டி அந்த வரி வேறு எதையும் சொல்லவில்லை. எடுக்காமல் விட்டது இன்று என்ன உருவத்தில் இருக்கிறது என்பதை எதிர்ப்பக்கம்தான் சொல்லும்.

உங்கள் தாளையே படிப்போம். மூலதனம் 40, பகிராத லாபம் 92, வங்கியின் டெர்ம் லோன் 50, சப்ளையர் பாக்கி 34, வரி பாக்கி 5. மொத்தம் 221 லட்சம். எதிர்ப்பக்கத்தில் தேய்மானம் போக மிஷின்கள் 88, வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டியது 71, சரக்கு 46, டெபாசிட் வகையறா 13, வங்கியில் 3. இதுவும் 221. இந்த 92 எங்கே என்று கேட்டால், அந்த 88, 71, 46 எல்லாவற்றிலும் கலந்து கிடக்கிறது என்றுதான் சொல்ல முடியும். டெபாசிட்டையே எடுங்கள். ஷெட்டுக்குப் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கிக்கொள்வது நம்ம ஊர் வழக்கம். மின் இணைப்புக்கு பெஸ்காம் ஒரு டெபாசிட் வாங்கும். அந்தப் பணம் எல்லாம் நிறுவனத்துடையதுதான், ஆனால் ஷெட்டைக் காலி செய்யும் வரை ஒரு ரூபாய் கைக்கு வராது.

இனி லாபம் எப்படிப் பணமாகாமல் நிற்கிறது என்பதை ஒரே ஒரு பில்லை வைத்துப் பார்க்கலாம். மார்ச் 5-ஆம் தேதி 4 லட்சத்துக்குச் சரக்கு அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 72,000. மூலப்பொருளான ரவுண்ட் பார் வாங்கியது 1.90 லட்சம், கூலி, கரண்ட், டூல்ஸ் என்று 1.30 லட்சம். லாபம் 80,000. லாரி ஏறிய அன்றே இந்த 80,000 உங்கள் லாபக் கணக்கில் ஏறிவிடும், மார்ச் 31-இல் அந்த ‘ரிசர்வ்’ வரிக்கும் போய்விடும் (வருமான வரி கழித்துத்தான், அதை இப்போதைக்கு விடுங்கள்). வாடிக்கையாளரோ ஜூன் முதல் வாரத்தில்தான் தரப்போகிறார். அதற்குள் கூலியும் கரண்டும் உங்கள் கையிலிருந்து போயாயிற்று. பார் கொடுத்தவருக்கு 45 நாளில் தந்தாக வேண்டும். மாதாமாதம் ரிட்டர்ன் போடும் நிறுவனமென்றால், வாங்கிய பாருக்குக் கட்டிய 34,200 ரூபாய் வரியைக் கழித்துக்கொண்டு மீதி 37,800-ஐ ஏப்ரல் 20-க்குள் அரசுக்குக் கட்ட வேண்டும். வாடிக்கையாளர் இன்னும் ஒரு பைசா தராத வரியை நீங்கள் உங்கள் காசில் கட்டுகிறீர்கள். ஆக மார்ச் 31 அன்று இந்த பில் கொடுத்தது 80,000 லாபம், ஆனால் வங்கியில் 1.30 லட்சம் குறைவு. மே மாதம் பார்த்தால் அந்தக் குறைவு மூன்றரை லட்சத்தைத் தாண்டியிருக்கும். கணக்குப்படி லாபம் அப்போதும் அதே 80,000-தான்.

இப்படி ஒரு பில் இல்லை, நூறு பில் ஓடிக்கொண்டிருக்கும். வியாபாரம் வளர வளர இந்த ஓட்டம் பெரிதாகும். அதனால்தான் நஷ்டத்தில் போகும் கடையை விட, வேகமாக வளரும் கடையில் சம்பள நாளன்று அதிகம் தவிப்பார்கள்.

உங்கள் நிறுவனத்தின் போன வருஷத்தையே நடந்து பார்க்கலாம். ஏப்ரல் 1-ஆம் தேதி வங்கியில் 5 லட்சம் இருந்தது. வருஷத்தில் வரி போக லாபம் 24 லட்சம். அந்த லாபத்தைக் கண்டுபிடிக்கும்போது 14 லட்சம் தேய்மானத்தைச் செலவாகக் கழித்திருக்கிறார்கள். அது யாருக்கும் எடுத்துக் கொடுத்த பணம் இல்லை, மிஷின் வாங்கிய அன்றே கொடுத்தாகிவிட்டது. ஆகவே திரும்பக் கூட்டிக்கொள்ள வேண்டும், 38 லட்சம். இது முழுக்க வங்கிக்கு வந்திருந்தால் உங்கள் மாமாவிடம் நானே சண்டைக்கு வந்திருப்பேன்.

ஆனால் வாடிக்கையாளர் பாக்கி 44-இலிருந்து 71 ஆகியிருக்கிறது. 27 லட்சம் அங்கே நின்றுவிட்டது. சரக்கு 34-இலிருந்து 46, அதில் 12. சப்ளையருக்குத் தராமல் நிறுத்தியது 6 லட்சம் கூடியிருக்கிறது, அது நமக்குச் சாதகம். கூட்டிக் கழித்தால் தொழிலிலிருந்து வந்த ரொக்கம் 5 லட்சம்தான். இருபத்து நாலு லட்சம் லாபத்துக்கு ஐந்து லட்சம் ரொக்கம்!

அப்புறம் அந்தப் புது வி.எம்.சி. மிஷின், 35 லட்சம். வங்கி 25 தந்தது, மீதி 10 நிறுவனம் தன் கையிலிருந்து போட வேண்டிய மார்ஜின் பணம். நீங்கள் கொண்டுவந்த 15-இல் 10 அதற்குத்தான் போயிருக்கிறது. மீதி 5-ஐயும் தொழிலில் வந்த 5-ஐயும் சேர்த்தால் 10. அதே வருஷம் பழைய கடன்களுக்கு அசலாகக் கட்டியது 12. இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். தவணையில் வட்டி மட்டும்தான் லாபத்திலிருந்து கழிக்கும் செலவு. அசல் செலவே இல்லை, கடன் குறைகிறது, அவ்வளவுதான். அதனால் லாபக் கணக்கில் எங்கே தேடினாலும் அந்த 12 கண்ணில் படாது, வங்கி பாஸ்புக்கில் மட்டும் படும். பத்து வந்து பன்னிரண்டு போனதால் இருப்பு இரண்டு குறைந்து, 5 லட்சம் 3 லட்சமாயிற்று. ஒரு ரூபாய்கூடக் காணாமல் போகவில்லை.

இதில் உங்கள் முதல் கேள்வி எங்கே ஒளிந்திருக்கிறது என்று கவனித்தீர்களா? வாடிக்கையாளர் பாக்கியில். விற்பனை முந்தின வருஷம் 2 கோடி, போன வருஷம் 2.40 கோடி. ஜி.எஸ்.டி. சேர்த்தால் 2.36 கோடியும் 2.83 கோடியும். பாக்கியை இந்த விற்பனையால் வகுத்து 365-ஆல் பெருக்கினால், பில் போட்டு எத்தனை நாளில் பணம் வருகிறது என்று தோராயமாகத் தெரியும். முந்தின வருஷம் 68 நாள், போன வருஷம் 92 நாள். விற்பனை ஐந்தில் ஒரு பங்கு கூடியதற்கு பாக்கியும் அதே அளவு கூடினால் அது வளர்ச்சி, 53 லட்சத்தோடு நின்றிருக்கும். மேலே நிற்கும் 18 லட்சம் வசூல் தளர்ந்ததால் வந்தது. அதே 68 நாளில் வசூலாகியிருந்தால் வங்கியில் இன்று 3 இல்லை, 21 லட்சம் இருக்கும்.

மாமாவிடம் போய் “92 லட்சம் எங்கே” என்று கேட்காதீர்கள், அது அவரைத் திருடன் என்று சொல்வது மாதிரி இருக்கும், பதிலும் வராது. “அந்த 18 லட்சம் யார் யாரிடம் நிற்கிறது” என்று கேளுங்கள். டேலியில் ‘Outstandings’ போய் ‘Receivables’ பார்த்தால் பில்வாரியாக எத்தனை நாள் ஆகியிருக்கிறது என்று வந்துவிடும். எல்லாரும் பத்து இருபது நாள் தள்ளித் தருகிறார்களா, இல்லை ஒரே வாடிக்கையாளர் ஆறு மாதமாக இழுக்கிறாரா என்பதைப் பாருங்கள். இரண்டுக்கும் மருந்து வேறு. ஒரே ஆளென்றால் பெரும்பாலும் ஏதோ ரிஜெக்‌ஷன் தகராறு இருக்கும். அந்தப் பணம் வராவிட்டால், ஏற்கெனவே லாபம் என்று எழுதியதைத் திருப்பி எடுக்க வேண்டியிருக்கும், 92-ஏ சுருங்கும். சரக்கிலும் இதே கண்ணோடு பாருங்கள். 46 லட்சத்தில் டிராயிங் மாறிப்போய் யாரும் வாங்காத பீஸ்கள் அடக்க விலையிலேயே உட்கார்ந்திருந்தால், அதன் உண்மையான மதிப்பு ஸ்கிராப் விலைதான்.

வசூலுக்கு ஒரு பிடி உங்களிடம் இருக்கிறது. அரசின் சிறுதொழில் பதிவான உதயம் பதிவு உள்ள சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் வருஷத்து எம்.எஸ்.எம்.இ. சட்டத்திலேயே இருக்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. யாரும் பயப்படவில்லை, வாடிக்கையாளர் மேல் எந்தச் சிறு முதலாளி கேஸ் போடுவார்? 2023 நிதிச் சட்டத்தில் வந்த விதிதான் கொஞ்சம் வேலை செய்கிறது. அந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, தரும் வருஷம் வரை வாங்கியவர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. மார்ச் மாதத்தில் அவர்களுடைய அக்கவுண்ட்ஸ் ஆட்களே உங்களுக்கு போன் செய்து உதயம் நம்பர் கேட்பார்கள். அதை ஒவ்வொரு பில்லிலும் அச்சடித்து வைத்திருங்கள்.

இப்போது இரண்டாவது கேள்வி. இது உங்களுக்குக் கசக்கும். 92-இல் கால் பங்கு 23 என்று எப்படிக் கணக்குப் போட்டீர்கள்?

நீங்கள் சேர்ந்த அன்று அந்த ‘ரிசர்வ்’ தொகை 68 லட்சமாக இருந்தது. அது உங்களுக்கு முன்பு இருந்தவர்கள் சம்பாதித்து எடுக்காமல் விட்டது. புதுப் பங்குதாரர் சேரும்போது அதுவரை சேர்ந்த லாபத்தைப் பழைய பங்குதாரர்களின் கணக்கில் பழைய விகிதப்படி வரவு வைத்துவிடுவதுதான் முறை. உங்கள் நிறுவனத்தில் அந்த வேலையைச் செய்யாமல், 68-ஐ அதே தலைப்பில் விட்டு, இந்த வருஷ 24-ஐ அதன் மேல் ஏற்றிவிட்டார்கள். அதனால் எல்லாம் சேர்ந்து பொதுச் சொத்து மாதிரித் தெரிகிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிராவிட்டால், நீங்கள் வந்த பிறகு வந்தது 24, அதில் உங்கள் கால் பங்கு 6 லட்சம்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். நீங்கள் வரும் முன் மூலதனம் 25-உம் லாபம் 68-உம், ஆக பழையவர்களுடையது 93 லட்சம். இதில் எல்லாவற்றிலும் கால் பங்கு வேண்டுமென்று ஒருவர் உள்ளே வந்தால் 31 லட்சம் போட வேண்டும். அப்போதுதான் மொத்தம் 124 ஆகி, 31 அதில் கால் பங்காகும். தொழிலின் நல்ல பெயருக்கென்று எதுவும் கேட்காமலே இவ்வளவு. நீங்கள் போட்டது 15. ஆகவே பழைய லாபத்துக்கு நீங்கள் விலை கொடுக்கவில்லை. மாமா இதை முகத்துக்கு நேரே சொல்லாமல் “பேங்கில் பணம் இல்லை” என்று மட்டும் சொன்னது, மாப்பிள்ளை என்ற மரியாதைக்காக இருக்கலாம். ஆனால் இதை இப்படியே விடக் கூடாது. இன்னும் பத்து வருஷம் கழித்து யாராவது ஒருவர் விலகும்போது இந்த ஒற்றை வரிதான் இரண்டு குடும்பத்தையும் கோர்ட்டுக்கு இழுக்கும். உங்கள் நன்மைக்கும்தான் சொல்கிறேன், யார் யாருக்கு எவ்வளவு என்று நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் ஆளுக்கொரு கரண்ட் அக்கவுண்ட்டாக இந்த வருஷமே பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

சரி, அந்த 6 லட்சத்தையாவது எடுக்கலாமா? உரிமை உண்டு. எல்.எல்.பி. ஏற்கெனவே வரி கட்டிவிட்டதால், லாபப் பங்கை நீங்கள் எடுக்கும்போது உங்களுக்கு மறுபடி வருமான வரி இல்லை. ஆனால் நீங்கள் 6 எடுத்தால் மற்றவர்களுக்கும் அதே உரிமையில் 18 இருக்கிறது. அவர்கள் சும்மா இருப்பார்கள் என்று வைத்து முடிவெடுக்கக் கூடாது. நிறுவனம் 24-க்குத் தயாரா என்பதுதான் கேள்வி, வங்கியில் இருப்பது 3. அதோடு வங்கியின் சாங்ஷன் லெட்டரை எடுத்துப் படியுங்கள். கடன் தீரும் வரை பங்குதாரர்கள் மூலதனத்தையோ லாபத்தையோ வங்கியைக் கேட்காமல் எடுக்கக் கூடாது என்று பெரும்பாலான லெட்டர்களில் ஒரு நிபந்தனை இருக்கும்.

ஓசூர் ரோடு பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் பல வருஷம் முன்பு நான் கணக்குப் பார்த்தேன். மூன்று பங்குதாரர்கள், ரிசர்வ் வரியைப் பார்த்து ஆளுக்குப் பத்து லட்சம் எடுத்தார்கள். கையில் இல்லாததால் ஓவர்டிராஃப்டிலிருந்து எடுத்தார்கள். லாபம் இருக்கிறதே என்ற தைரியம். அடுத்த காலாண்டில் பெரிய வாடிக்கையாளர் இரண்டு மாத பில்லை நிறுத்தினார். சம்பளம் போட லிமிட் இல்லை, சப்ளையர் பார் அனுப்புவதை நிறுத்தினார், பார் இல்லாமல் இருந்த ஆர்டரும் போயிற்று. அந்த வருஷமும் அவர்கள் கணக்கில் லாபம்தான் காட்டியது. நான்தான் கையெழுத்துப் போட்டேன், தப்பில்லாத கணக்கு.

ஆகவே முதலில் மாமாவோடு உட்கார்ந்து, அடுத்த மூன்று மாதத்துக்கு வாரவாரம் எந்த பில்லுக்குப் பணம் வரும், கூலி, தவணை, ஜி.எஸ்.டி., பார் என்று எது எந்தத் தேதியில் போகும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதில் மிகக் குறைவான வாரத்திலும் ஒரு மாதக் கூலிக்கும் தவணைக்கும் மேல் எவ்வளவு மிஞ்சுகிறதோ, அதுதான் எல்லாருமாகச் சேர்ந்து எடுக்கக்கூடிய தொகை. அதில் உங்களுக்குக் கால் பங்கு. தேங்கிய 18-இல் 12 லட்சம் செப்டம்பருக்குள் வசூலாகி, அதில் 4-ஐச் சப்ளையருக்குக் கொடுத்து நிம்மதியானால், மீதி 8-இல் உங்கள் பங்கு 2 லட்சம். ஃப்ளாட்டுக்கு அது போதாது, தெரியும். மீதி 4 லட்சம் உங்கள் பெயரில் கரண்ட் அக்கவுண்ட்டில் நிற்கட்டும். எடுக்காத தொகைக்கு 12 சதவீதம் வரை வட்டி கொடுத்து அதைச் செலவாகவும் காட்ட எல்.எல்.பி.க்குச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் ஒப்பந்தத்தில் அதற்கான ஷரத்து இருக்க வேண்டும். அந்த வட்டி உங்கள் கையில் வரிக்கு உட்பட்ட வருமானம் என்பதையும் மறக்காதீர்கள்.

நீங்கள் அனுப்பியதில் ஒப்பந்தப் பத்திரம் இல்லை. பழைய லாபம் யாருக்கு, எடுக்காத லாபத்துக்கு வட்டி உண்டா என்ற இரண்டையும் அதில் தேடிப் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் துணை ஒப்பந்தம் எழுத வேண்டும். ஒப்பந்தப் பத்திரத்தின் நகலை எனக்குப் போடும்போது, அந்த 71 லட்சத்தின் பில்வாரிப் பட்டியலையும் சேர்த்து அனுப்புங்கள்.